ஒப்புதல் ஒன்று, கமென்ட் ஒன்று

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, உடுப்பி ஓட்டல் ஒன்றின் தலைக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். சிறிய நர்சிங் ஹோம்களுக்கான மென்பொருள் ஒன்றை அவர்கள் எழுதினார்கள். டாக்டர் குறிக்கும் மருந்தை, எந்த வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, நர்ஸின் கையிலிருக்கும் டேப்லெட்டில் காட்டுவது அதன் வேலை. நெருள், பாண்டுப், டோம்பிவிலி என்று முப்பத்துநான்கு நர்சிங் ஹோம்கள் அந்தத் திரையை நம்பி ஊசி போட்டன.

அலுவலகமோ, மாலை நான்கு மணிக்கு நஸீரா அனுப்பும் பட்டியலை நம்பியது.

நஸீரா தாராவிக்காரி, வயது இருபத்தேழு. யார் எந்த மாற்றத்தை எழுதினாலும் அது நேரே மென்பொருளுக்குள் போய்விடாது. முதலில் ஓர் இணையதளத்தில் ‘புல் ரிக்வெஸ்ட்’ என்ற பெயரில் மற்றவர்களின் பார்வைக்கு வைக்கப்படும். பார்த்தவர் மூன்றில் ஒரு முடிவைத் தெரிவிக்கலாம். ‘அப்ரூவ்’ என்றால் ஒப்புதல். ‘சேஞ்சஸ் ரிக்வெஸ்டட்’ என்றால், கேட்ட மாற்றத்தைச் செய்யாமல் இதை உள்ளே விடாதே என்ற தடை. மூன்றாவது ‘கமென்ட்’. அது ஒப்புதலும் அன்று, தடையும் அன்று. ஒருவர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பதற்கு மேல் அதற்குப் பொருளே கிடையாது. படித்தேன் என்பது வேறு, ஏற்றேன் என்பது வேறு என்று எழுத்துக்கூட்டத் தெரிந்த எவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால், பட்டம் வாங்கியவர்களுக்கும் அதைச் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

அன்றாடம் நாற்பது புல் ரிக்வெஸ்டுகளைத் திறந்து பார்க்க நேரமில்லாமல், நஸீரா ஒரு வருடத்துக்கு முன்பு கணினிக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினாள். பார்த்தவர் ஒவ்வொருவரும் கடைசியாகப் பதிந்த முடிவை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஓர் ஒப்புதலாவது இருந்து, தடை ஏதும் இல்லாவிட்டால், அந்த வரியைப் பச்சையாக்கும். நான்கு மணிக்குப் பட்டியல் முதலாளி வேங்கடசுப்ரமணியனின் போனுக்குப் போகும். அவர் ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிவிட்டு மாட்டுங்காவிலுள்ள வீட்டுக்குக் கிளம்புவார். உடனே அந்த இணையதளத்திலுள்ள தானியங்கிப் பயனர் கணக்கு ஒன்று பச்சை வரிகளை எல்லாம் மென்பொருளுக்குள் சேர்த்துவிடும்.

தடை நிலுவையில் இருந்தால் அந்த இணையதளமே சேர்க்க விடாது. சேர்க்கும் பொத்தானை அடைத்து வைத்திருக்கும். ஆனால் ஆட்கள் லீவில் போனால் வேலை தேங்குகிறது என்று சொல்லி, அந்தத் தானியங்கிக் கணக்குக்கு அடைப்பைத் தாண்டும் நிர்வாக அதிகாரத்தை வேங்கடசுப்ரமணியன் எப்போதோ கொடுத்திருந்தார். ஆகவே நஸீராவின் பட்டியலுக்கும் நோயாளியின் நரம்புக்கும் நடுவே வேறு கதவே இல்லை. இது நஸீராவுக்குத் தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தாள்.

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் வேங்கடசுப்ரமணியன் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காரும்மா. டோம்பிவிலில ஒரு பிரச்சினை. நாலு வயசுக் குழந்தை. ஒரு ஆன்டிபயாடிக் மூணு பங்கு ஏறிடுத்து. அஞ்சு நாள்.”

“குழந்தைக்கு என்ன ஆச்சு சார்?”

“உயிருக்கு ஒண்ணும் இல்லை.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “காது போயிடுத்துங்கறா. ரெண்டும்.”

நஸீரா மேசைமேல் கிடந்த கண்ணாடியையே பார்த்தாள்.

“நர்ஸ் தப்பா அழுத்தியிருக்கான்னு அவா சொல்றா. விஜயராணின்னு ஒருத்தி. நாளைக்கு விசாரணை வெச்சிருக்கா. நம்ம தரப்புல, இந்த டோஸ் சமாச்சாரத்துல கடைசியா என்ன மாத்தினோம், யார் பாத்தா, யார் ஒப்புத்துண்டான்னு ஒரு கடுதாசி வேணுமாம். நீ அன்னிக்கு அனுப்பின பட்டியல்லயே இருக்கே. ராஹில் அப்ரூவ், தமிழ்செல்வன் கமென்ட். அதையே லெட்டர்ஹெட்ல போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

தேதியைச் சரிபார்க்கத்தான் அந்தப் பழைய புல் ரிக்வெஸ்டைத் திறந்தாள். டோஸ் திரையின் எழுத்தளவையும் கணக்கையும் தொட்டு, அலுவலகத்துச் சாருலதா எழுதிய மாற்றம் அது. மார்ச் பன்னிரண்டாம் தேதி வைத்தது. பதின்மூன்றாம் தேதி மாலை சேர்க்கப்பட்டது. பக்கத்தின் வலப்புறம் பார்த்தவர்களின் பெயர்கள் இருந்தன. ராஹில் பெயருக்கருகே பச்சைக் குறி. தமிழ்செல்வன் பெயருக்கருகே சிவப்புக் குறி.

சிவப்பு எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. பட்டியலில் கமென்ட் என்றல்லவா இருந்தது? பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் படித்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்குத் தமிழ்செல்வன் தடை போட்டிருந்தான். ‘ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதைத் திருத்தினால் வகுத்தல் விட்டுப்போகிறது. நாள் முழுவதற்குமான அளவு ஒவ்வொரு வேளையிலும் வந்து நிற்கும். இதைச் சரிசெய்யாமல் சேர்க்கக் கூடாது.’ அதன் கீழ் சாருலதா கேட்டிருந்தாள்: ‘வேளையைத் திருத்துவது வேறு திரையில் அல்லவா? அதைப் பார்த்தீர்களா?’ மாலை ஆறு பத்துக்குத் தமிழ்செல்வன் அதே இடத்தில் பதில் எழுதியிருந்தான்: ‘சரி, அந்தத் திரையையும் பார்க்கிறேன்.’

அவ்வளவுதான். ஆனால் குறிப்பிட்ட வரியின் கீழ் எழுதும் பதிலைக்கூட அந்த இணையதளம் தனியொரு ரிவ்யூவாகவே, அதாவது பார்த்தவரின் முடிவாகவே, பதிந்துகொள்ளும்; வகை, கமென்ட். அந்தக் கமென்ட் முன்பு போட்ட தடையைத் தொடுவதே இல்லை. தடை விலக இரண்டே வழிதான்: போட்டவரே பின்னர் ஒப்புதல் தரவேண்டும், அல்லது அதிகாரமுள்ள ஒருவர் காரணம் எழுதி அதைத் தள்ளுபடி செய்யவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நஸீராவின் ஸ்கிரிப்ட் ஒவ்வொருவரின் கடைசிப் பதிவை மட்டும் எடுத்தது. தமிழ்செல்வனின் கடைசிப் பதிவு கமென்ட். தடை அதற்கடியில் புதைந்துபோனது. ஒப்புதல் ஒன்று, கமென்ட் ஒன்று, தடை இல்லை என்று வரியைப் பச்சையாக்கிப் பட்டியல் போய்விட்டது.

ராஹிலின் ஒப்புதலும் ‘எழுத்தளவு இப்போது நன்றாகத் தெரிகிறது’ என்ற ஒற்றை வரியோடு நின்றது.

இன்னொன்றையும் அவள் கண்டாள். டோம்பிவிலியிலிருந்து புகார் வந்த நேற்றே, ‘சிறு திருத்தம்’ என்ற தலைப்பில் சாருலதா ஒன்றைச் சேர்த்திருந்தாள். தமிழ்செல்வன் மார்ச்சில் கேட்ட அதே வகுத்தல். நான்கு வரி.

நஸீரா அந்தப் பக்கங்களை அச்செடுத்தாள். பிறகு தமிழ்செல்வனைத் தேடிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அவனும் தாராவிதான்; அவளுக்கு ஆறு வயது மூத்தவன். படியில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன பிள்ள, பரீட்சைல பெயிலானவ மாதிரி வார?”

“செல்வண்ணே, மார்ச்ல சாருலதா போட்ட டோஸ் மாத்தத்துக்கு நீங்க சேஞ்சஸ் கேட்டிருந்தியளா?”

“கேட்டேன். அது சரியாகாம உள்ள போகக்கூடாதுன்னு எழுதியே வச்சேன். பொறவு அக்கா வீட்டு விசேஷத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போயிட்டேன். ஏன்?”

“அது மறுநாளே உள்ள போயிட்டு.”

அவன் கிளாஸைப் படியில் வைத்தான். “தடை இருக்கும்போது எப்படிப் போவும்?”

“நீங்க சாயங்காலம் ஒரு பதில் போட்டிய. ‘சரி, பாக்கேன்’னு.”

“டிரெய்ன்ல நின்னுக்கிட்டே போட்டேன். அது சும்மா பதிலுல்லா.”

“அதுவும் ஒரு ரிவ்யூதான், கமென்ட் வகை. உங்க தடைய அது ஒண்ணும் செய்யல, அது அப்படியே நிக்கி. எஞ் ஸ்கிரிப்ட்தான் கடைசில கெடந்தத மட்டும் பாத்துட்டு உங்களக் கமென்ட்டுன்னு சொல்லிட்டு. தப்பு என்னுது.”

கீழே ஓட்டலில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“திரும்பி வந்தப்ப இருநூறு மெயில் கெடந்துது” என்றான். “மெர்ஜ் ஆச்சு, உள்ள சேத்தாச்சுன்னு அதுல ஒண்ணு இருந்திருக்கும். நான் பாக்கல. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சாம்?”

“காது போச்சு.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “கடுதாசில என்ன எழுதப் போற?”

“உள்ளத எழுதப் போறேன். ராஹில் ஒப்புதல், நீங்க தடை, தடை விலகல, அப்படியே சேத்திருக்குன்னு. நீங்க அதுக்குச் சாட்சியா நின்னா போதும்.”

“நிக்கேன்” என்றான் தமிழ்செல்வன்.

உணவு வேளைக்கு முன்பே அவள் கடிதத்தை எழுதி முடித்தாள். வேங்கடசுப்ரமணியன் அதை இரண்டு முறை படித்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அவன் அப்புறமா ‘சரி’ன்னு எழுதியிருக்கானே. ‘சரி’ன்னா சம்மதம்தானே அம்மா?”

“சம்மதம்னா அப்ரூவ் போட்டிருப்பாங்க சார். ‘சரி, பாக்கறேன்’னுதான் எழுதியிருக்காங்க. இன்னும் பாக்கலைன்னுதான் அதுக்கு அர்த்தம்.”

“அர்த்தம் சொல்றதுக்கு எழுதினவன் இருக்கான். அவனைக் கேட்டுக்கலாம்.” போனை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “முப்பத்துநாலு நர்சிங் ஹோம். இந்தக் காகிதம் ஒண்ணு வெளில போனா திங்கக்கிழமை ஒண்ணும் மிஞ்சாது. பதினோரு குடும்பம். அந்த நர்ஸுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும்.”

“குழந்தை காதக் கெடுத்த நர்ஸுன்னு பேர் வந்தா எங்க சார் கிடைக்கும்?”

அவர் போனில் தமிழ்செல்வனைக் கூப்பிட்டுவிட்டு அவளை வெளியே போகச் சொன்னார். தமிழ்செல்வன் உள்ளே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் நஸீராவுக்குத் தெரிந்தது. இருபது நிமிடங்கள் கழித்து வெளியே வந்தவன், அவள் பக்கம் திரும்பாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. ‘மார்ச் பன்னிரண்டு மாலை நான் எழுதிய கமென்ட், என் முந்தைய ஆட்சேபத்தைத் திரும்பப் பெறும் நோக்கத்துடன் எழுதப்பட்டது. தமிழ்செல்வன்.’

பொய்யைக்கூட எவ்வளவு ஒழுங்கான வாக்கியமாக எழுத முடிகிறது. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. மனச்சாட்சி ஒன்றுதான் இல்லை. நஸீரா தன் கடிதத்தில் கையெழுத்திட்டு முதலாளியின் மேசையில் வைத்தாள். வேங்கடசுப்ரமணியன் அதை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, பழைய பட்டியலையே தம் கையெழுத்தோடு டோம்பிவிலிக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை விசாரணைக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வாப்பாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, அச்செடுத்த பக்கங்களைப் பையில் வைத்துக்கொண்டு சயானில் டோம்பிவிலி போகும் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போனாள்.

நர்சிங் ஹோமின் முதல் மாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் அதன் உரிமையாளரான டாக்டர் அம்மாள். நஸீரா யார், எங்கிருந்து வருகிறாள் என்பதை இந்தியில் சொல்லிப் பக்கங்களை நீட்டினாள். சிவப்புக் குறியைக் காட்டினாள். இது தடை, இது கமென்ட், பின்னது முன்னதை நீக்காது என்று விளக்கினாள். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தம் முன்னிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஒப்புதல் ஒன்று, கமென்ட் ஒன்று, தடை இல்லை. நிறுவனத் தலைவரின் கையெழுத்து. கூடவே தமிழ்செல்வனின் மெயில்.

“உங்கள் தலைவர் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். நான் எதை ஏற்பது?” என்று இந்தியில் கேட்டார்.

“இரண்டையும் ஏற்க வேண்டாம். இணையதளத்தைத் திறந்து நீங்களே பாருங்கள்.”

“அதற்கு இனி அவசியம் இல்லை. வேளையைத் தாம்தான் தவறாகக் குறித்ததாக நர்ஸ் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டார்.”

அந்தப் பக்கங்களை அவர் கையில்கூட வாங்கவில்லை.

வெளி வராந்தாவில் பெஞ்சு ஒன்றில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி, அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டையில் பெயர் தெரிந்தது. விஜயராணி.

நஸீரா அருகில் உட்கார்ந்தாள். “அக்கா, நான் அந்த டேப்லெட் கம்பெனில இருந்து வாரேன்.”

விஜயராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப எதுக்கு வந்த? ரிப்பேர் பண்ணவா?”

“தப்பு உங்க மேல இல்லக்கா. நீங்க வேளையச் சரியாத்தான் திருத்தியிருக்கிய. எங்க கணக்குதான் வகுக்காம காட்டிச்சு.”

“அது எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே டாக்டருக்கு போன் போட்டேன். ஜாஸ்தியா தெரியுது சார்னேன். ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அத குடுன்னாரு. குடுத்தேன். அஞ்சாவது நாளு அதோட அம்மா கூப்பிடுது, குழந்தை திரும்பல. விளையாடுதுன்னு நெனச்சோம்.” கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். “எழுதிக் குடுத்தா போலீஸ் கேஸ் கிடையாது, வேலையோட முடிஞ்சிரும்னாங்க. வீட்ல ரெண்டு பிள்ளைங்க. குடுத்துட்டேன்.”

“இத வச்சுக்கோங்க.” நஸீரா பக்கங்களைக் கொடுத்தாள். “இதுல தேதி, நேரம், பேர் எல்லாம் இருக்கு. நர்சிங் கவுன்சிலுக்கு நீங்க எழுதுங்க. நான் வந்து சொல்லுதேன்.”

“இந்தச் செவப்பு என்னா?”

“இத உள்ள விடாதீங்கன்னு ஒருத்தர் போட்ட தடை.”

“அப்ப ஒருத்தன் முன்னாடியே சொல்லியிருக்கான்.”

“சொல்லியிருக்காரு.”

“சொல்லியும் விட்டுட்டீங்க.”

“ஆமாக்கா. பட்டியல் போட்டது நான்.”

விஜயராணி பக்கங்களை நான்காக மடித்தாள். கைப்பைக்குள் வைப்பதா திருப்பித் தருவதா என்று தெரியாதவளாகச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, மடித்த காகிதத்தோடேயே, அட்டையை ஒப்படைக்கப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேங்கடசுப்ரமணியன், மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி நஸீராவிடம் சொன்னார். அனுபவச் சான்றிதழ் நன்றாகவே எழுதித் தருவதாகவும் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு தன் இடத்துக்கு வந்து ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தாள். இருபது வரிகூட இல்லை. இனி அது ஒருவரின் கமென்ட்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கடைசியாக அவர் தந்த ஒப்புதலையோ தடையையோ மட்டும் அவருடைய நிலையாகக் கொள்ளும். தள்ளுபடி ஆன முடிவைக் கணக்கில் சேர்க்காது. கமென்ட் மட்டுமே எழுதியவரை ஒப்புதலிலும் சேர்க்காது, தடையிலும் சேர்க்காது. தனிக் கட்டத்தில் காட்டும். மார்ச் பன்னிரண்டாம் தேதிப் பதிவுகளைக் கொடுத்துச் சோதித்தாள். தமிழ்செல்வன் பெயருக்கு நேரே தடை என்று வந்தது. ஆறு வாரம் பிந்தி வந்தது.

அதையும் முறைப்படி புல் ரிக்வெஸ்டாக வைத்துத் தமிழ்செல்வனின் பார்வைக்கு அனுப்பினாள். மூன்று மணிக்கு அவன் முடிவு வந்தது. ‘பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.’ வகை, கமென்ட்.

நஸீரா எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

“சரியா இருக்குன்னு எழுதியிருக்கிய. பொறவு ஏன் அப்ரூவ் போடல?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்ரூவ் போட்டா, பழசு தப்பா காட்டிச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா. அந்த மெயில் இருக்கு.”

“அப்ப தப்புன்னு சேஞ்சஸ் கேளுங்க. என்ன மாத்தணும்னு சொல்லுங்க, மாத்துதேன்.”

“மாத்த ஒண்ணுமில்ல பிள்ள.”

“ரெண்டும் இல்லைன்னா?”

அவன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அதில் பாட்டு ஏதும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மற்றவர்களுக்கும் அனுப்பிப் பார்த்தாள். ராஹிலும் சாருலதாவும் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நான்கு மணி ஆயிற்று. அன்றைய பட்டியலை அவள் ஸ்கிரிப்டிடம் விடவில்லை. நாற்பத்திரண்டு புல் ரிக்வெஸ்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர் பெயராகப் பார்த்து, கையால் எழுதினாள். ஐந்தரை மணி ஆகிவிட்டது. கடைசி வரி அவளுடையது:

‘பட்டியல் ஸ்கிரிப்டின் திருத்தம். ஒப்புதல் இல்லை. தடை இல்லை. கமென்ட் ஒன்று. சேர்க்கக் கூடாது.’

அனுப்பினாள். மாட்டுங்கா வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

‘ஓகே.’

மாதக் கடைசியில் அவள் வேலையைவிட்டுப் போன பிறகு, நான்கு மணிக்குப் பழைய ஸ்கிரிப்டே ஓடும்.